துணிக்காரரும் எம்மா பொவாரியும்

"ஃப்ளோபேரோட 'மதாம் பொவாரி'யை ரெண்டு தடவை ஆரம்பிச்சு ஒரு தடவை முடிச்சேன். டாக்டர் பொண்டாட்டி ஒருத்தி போரடிச்சுப் போய் ரெண்டு பேரோட பழகுறா, கடன் வாங்குறா, விஷம் குடிச்சுச் சாகுறா. டிவி சீரியல்ல தினம் வர்ற கதை. இதை 170 வருஷமா எதுக்குத் தூக்கி வெச்சுக் கொண்டாடுறாங்க? 'நடை, நடை'ன்னு சொல்லாம, எனக்குப் புரியுற மாதிரி யாராவது சொல்லுங்க."

கதை சீரியல் கதைதான். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு சின்ன திருத்தம் மட்டும்: அவள் புருஷன் சார்ல் முழு டாக்டர்கூட இல்லை, அன்றைய பிரான்ஸில் குறைந்த படிப்போடு கிராமங்களில் வைத்தியம் பார்க்க அனுமதி பெற்ற இரண்டாம் தர மருத்துவர். ஃப்ளோபேர் வேண்டுமென்றேதான் இப்படி ஒரு சாதாரணக் கதையை எடுத்துக்கொண்டு, 1851 செப்டம்பரிலிருந்து 1856 வசந்தம் வரை அதிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் நீங்கள் கதையைச் சொன்ன விதத்தில் ஒன்றைக் கவனித்தேன். ரெண்டு காதலையும் சொல்லிவிட்டு 'கடன் வாங்குறா' என்பதை ஒற்றை வார்த்தையில் தாண்டிப் போய்விட்டீர்கள். நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் தாண்டினேன். இரண்டாம் முறை அந்த வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டேன், அதனால் அதிலிருந்தே சொல்கிறேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். பத்தாவது பரீட்சை முடிந்த லீவிலும் அதற்கப்புறம் கொஞ்ச நாளும் தவணைக்குத் துணி விற்கிற ஒருவரிடம் மூட்டை தூக்கப் போனேன். எம்.சி. ரோட்டில் மொத்தமாகப் புடவை எடுத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு என்று வீடு வீடாகப் போவோம். மத்தியானம் ஆம்பளைங்க வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போவோம். முதலாளி சொல்லிக்கொடுத்த முதல் பாடம், புது வீட்டில் முதல் நாள் விற்கக் கூடாது என்பது. "காட்டிட்டு வா, அவ்ளோதான். வேணாம்னு சொன்னா சரிக்கான்னு மூட்டையைக் கட்டு. ஆனா எழுந்திருக்கும்போது, காசு பத்திக் கவலப்படாதக்கான்னு ஒரு வார்த்த மட்டும் போட்டுட்டு வந்துடு." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூட்டையையே அவிழ்ப்பது.

இப்போது நாவலின் இரண்டாம் பாகம் ஐந்தாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். யோன்வில் என்ற அந்தக் கிராமத்துத் துணி வியாபாரி லூரோ எம்மா வீட்டுக்கு முதல் முறையாக வருகிறான். அந்தப் பெயருக்கே பிரெஞ்சில் 'சந்தோஷக்காரன்' என்று அர்த்தம். பூவேலைக் காலர், அல்ஜீரியத் துப்பட்டா, இங்கிலீஷ் ஊசி, தேங்காய்ச் சிரட்டையில் கைதிகள் குடைந்து செதுக்கிய முட்டைக் கிண்ணங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்புகிறான். துப்பட்டாவைத் தூசி தட்டுகிற மாதிரி நகத்தால் சுண்டுகிறான், பட்டு சரசரக்கிறது. எம்மா வேண்டாம் என்கிறாள். அவன் கட்டாயப்படுத்துவதே இல்லை. கதவருகே போனதும், பணத்தைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன், தேவைப்பட்டால் உங்களுக்கே நான் கொடுப்பேன் என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லி வைக்கிறான். என் முதலாளி பிரெஞ்சு நாவல் படித்தவர் இல்லை.

அந்தக் காட்சி அதோடு முடியவில்லை. அடுத்து அவன் சும்மா கேட்கிற மாதிரி, சார்லிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் காபிக்கடைக்காரர் தெல்லியேவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறான். படிக்கும்போது இது ஊர் வம்பு போலத் தோன்றும். சில அத்தியாயம் கழித்து ஒரு கூட்டத்தின் நடுவே யாரோ ஒருத்தி போகிற போக்கில் சொல்லும்போதுதான் தெரியும், அந்தத் தெல்லியேவைக் கடன் சீட்டுகளால் நெருக்கிக் கடையை ஏலத்துக்குக் கொண்டுவந்தவனே லூரோதான் என்று. அதாவது அவன் அடுத்த ஆளின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு முந்தைய ஆள் எத்தனை நாள் தாங்குவான் என்று விசாரித்திருக்கிறான். ஃப்ளோபேர் இந்த இரண்டையும் எங்கேயும் சேர்த்து வைத்துக் காட்டவில்லை. சேர்ப்பது உங்கள் வேலை. அவன் போன பிறகு எம்மா, துப்பட்டாக்களை நினைத்துக்கொண்டு, 'நான் எவ்வளவு சமத்தாக இருந்தேன்!' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். அது எனக்கு மிகவும் பிடித்த வரி. காசிமேட்டில் எத்தனை பேர் அப்படித் தங்களை மெச்சிக்கொண்டு கதவைச் சாத்தினார்களோ, அடுத்த வாரமும் நாங்கள் வரத்தான் போகிறோம்.

அடுத்த கட்டம் சாட்டை. முதல் காதலன் ரொடோல்ஃபுக்கு எம்மா வெள்ளியில் தங்க முலாம் பூசிய பிடி வைத்த குதிரைச் சாட்டை ஒன்று வாங்கிப் பரிசளிக்கிறாள், லூரோ வழியாகத்தான், கடனுக்கு. கொஞ்ச நாளில் 270 ஃபிராங்குக்குப் பில் வருகிறது. வீட்டில் மேசை இழுப்பறைகள் எல்லாம் காலி, வேலைக்காரிக்கே ஆறு மாதச் சம்பளம் பாக்கி. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறாள். ஒரு நாள் அவன், பணம் இல்லையென்றால் பொருளையாவது திருப்பிக் கொடுங்கள் என்கிறான். சரி, எடுத்துக்கொண்டு போ என்கிறாள். உடனே அவன் சிரித்து, இல்லை விளையாட்டுக்குச் சொன்னேன், அந்தச் சாட்டை மட்டும்தான் மனசில் உறுத்துகிறது, சரி, அதை ஐயாவிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். எம்மா பதறி "வேண்டாம், வேண்டாம்!" என்கிறாள். அந்த நொடியில் லூரோவுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. சாட்டை புருஷனிடம் இல்லை. மாட்டினாய், என்று நினைத்துக்கொள்கிறான்.

அன்றைக்கே ஒரு நோயாளி வீட்டிலிருந்து சார்லுக்குச் சேர வேண்டிய வைத்தியக் கட்டணம் நீலக் காகிதத்தில் சுருட்டி வருகிறது. உள்ளே 15 தங்க நாணயம், ஒவ்வொன்றும் 20 ஃபிராங்க். எம்மா அதை அமுக்கிவிடுகிறாள். மூன்று நாள் கழித்து லூரோ வேறொரு ஏற்பாடு பேச வரும்போது 14 நாணயத்தை அவன் கையில் வைக்கிறாள். அவன் அசந்துபோகிறான், ஏமாற்றத்தை மறைக்க விழுந்து விழுந்து உபசார வார்த்தை பேசுகிறான். மீதிச் சில்லறையாக இரண்டு 5 ஃபிராங்க் நாணயம் அவள் கைக்கு வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 14 இருபது 280, அதில் 270 போனால் 10. சரியாக இருக்கிறது. பணம் கைக்கு வந்தால் அவன் ஏன் ஏமாற வேண்டும் என்று கேட்டால், கடன் கொடுத்துப் பழகியவர்கள் சிரிப்பார்கள். அடைந்துபோகிற கடனில் என்ன லாபம்? தவணை நோட்டில் ஒரு வீட்டுப் பெயர் முழுசாக அடிபட்டால் எங்கள் முதலாளி முகமும் அப்படித்தான் தொங்கிப்போகும்.

அப்புறம் ரொடோல்ஃபோடு ஓடிப்போகத் திட்டம். பயணத்துக்கு ஒரு நீள அங்கி, ஒரு பெட்டி எல்லாம் லூரோவிடம் சொல்லியாகிறது. கடைசி நேரத்தில் ரொடோல்ஃப் ஒரு கூடை நிறைய ஆப்ரிகாட் பழத்துக்கு அடியில் 'வர முடியாது' என்று கடிதம் வைத்து அனுப்பிவிட்டுப் போய்விடுகிறான். அவள் மாதக்கணக்கில் படுத்துவிடுகிறாள். இந்தச் சமயம் பார்த்து லூரோ சரக்கை எடுத்துக்கொண்டு சார்லிடம் வருகிறான், ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டாக. எனக்கு இது தேவையே இல்லையே என்று சார்ல் சொல்ல, ஆர்டர் கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது என்று அவன் சத்தம் போட, மனைவி படுக்கையில் கிடக்கும்போது எதற்கு வம்பு என்று அந்த மனுஷன் 180 ஃபிராங்குக்கு ஆறு மாதத் தவணையில் கையெழுத்துப் போடுகிறான். தன் மனைவி தன்னை விட்டு ஓடுவதற்கு வாங்கிய பெட்டிக்கு! அவனுக்கு அது தெரியாது. ஃப்ளோபேரும் அதை அடிக்கோடு போட்டுச் சொல்வதில்லை.

கையோடு சார்ல் 1000 ஃபிராங்க் கடனும் கேட்கிறான். லூரோ எழுதிக்கொடுக்கும் சீட்டில் 1070. முந்தைய 180-ஐயும் சேர்த்தால் மொத்தம் 1250. வட்டி, கமிஷன், சரக்கில் வைத்த லாபம் எல்லாம் சேர்த்து வருஷத்தில் 130 தேறும் என்பது அவன் மனக்கணக்கு. நாவலில் அந்தக் கணக்கு அப்படியே வருகிறது. அதற்கடுத்த வரியில் அவன் ஆசை வருகிறது: அவர்கள் கட்டாமல் இருக்க வேண்டும், சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும், தன் ஏழைப் பணம் மருத்துவர் வீட்டில் நல்ல ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல் தின்று கொழுத்து ஒரு நாள் பை கிழியத் திரும்பி வர வேண்டும்.

தண்டல் வாங்கிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருக் கணக்கில் 10,000 கேட்டால் கையில் 8,500 தருவார்கள், நாளைக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அறுபதாம் நாளில் முடியவில்லை என்றால் கோபப்படவே மாட்டார்கள். "பழச கழிச்சிட்டுப் புதுசா ஒரு தண்டல் எடுத்துக்கோயேன்" என்பார்கள், அவ்வளவு அன்பாக.

நாவலிலும் அதேதான். அதைவிட நேர்த்தியான வேலை பார்ன்வில் நிலத்தில் நடக்கிறது. சார்லின் அப்பா இறந்து ஒரு குட்டி வீடும் நிலமும் வருகிறது. சார்ல் பெயரில் இருக்கும் எதையும் எம்மாவே பார்த்துக்கொள்ளலாம், கடன் வாங்கலாம், கையெழுத்துப் போடலாம் என்று பவர் பத்திரம் வாங்கும் யோசனையை அவள் தலையில் போடுவது லூரோ. இந்தக் கட்டத்தில் இரண்டாம் காதலன் லெயோன் வந்துவிட்டான், வியாழக்கிழமைதோறும் ரூவான் நகரத்து ஓட்டலில் சந்திப்பு. ஒரு நாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டலிலிருந்து அவள் வெளியே வருவதை லூரோ பார்த்துவிடுகிறான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, பணம் வேண்டும் என்கிறான். பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரைச்சீலை, கம்பளம், உடுப்பு என்று சுமார் 2000 ஃபிராங்குக்குப் பட்டியலை எடுத்து நீட்டுகிறான். ரொக்கம் இல்லாவிட்டால் என்ன, நிலம் இருக்கிறதே என்று ஞாபகப்படுத்துகிறான். எத்தனை ஏக்கர் என்பது அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். வாங்குவதற்கு ஆளையும் அவனே கொண்டுவருகிறான், விலை 4000.

பாதிப் பணம் உடனே வருகிறது. அவள் பாக்கியைத் தீர்க்கப் போகும்போது அவன் தடுக்கிறான். இவ்வளவு பெரிய தொகையை நீங்கள் ஒரே அடியாக இழப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை என்கிறான். அவள் நோட்டுகளைப் பார்க்கிறாள். அந்த 2000 ஃபிராங்கில் இன்னும் எத்தனை வியாழக்கிழமைகள் இருக்கின்றன என்று அவள் மனசு எண்ணத் தொடங்குகிறது. அவன் தலா 1000 ஃபிராங்குக்கு நான்கு சீட்டை எடுத்து வைக்கிறான். இதில் கையெழுத்துப் போடுங்கள், பணம் முழுக்க நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பில்லின் கீழே 'பெற்றுக்கொண்டேன், 4000' என்றும் எழுதித் தந்துவிடுகிறான். ரூவானில் வான்சார் என்று ஒரு வங்கிக்காரர், தன் நண்பர், இந்தச் சீட்டுகளைக் கழிவு போட்டுப் பணமாக்கித் தருவார், கடன் போக மீதி 2000-ஐக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறான். கொண்டுவந்தது 1800. நண்பர் கமிஷனுக்கும் கழிவுக்கும் 200 எடுத்துக்கொண்டாராம். சௌகார்பேட்டைப் பக்கம் சீட்டைக் கழிவுக்குக் கொடுத்து வாங்கியவர்களிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினால், அந்த 'நண்பர்' எங்கே இருக்கிறார் என்று கேட்கவே மாட்டார்கள்.

இந்த மாதிரி நாவல் முழுக்க ஒரு கணக்குப் புத்தகம் ஓடுகிறது, காதல் கதைக்கு அடியில், யாரும் சத்தமாகச் சொல்லாமல். சரி, இதில் என்ன பெருமை, கந்துவட்டிக் கதை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்களே என்பீர்கள். எழுதியிருக்கிறார்கள்தான். அவற்றில் பெரும்பாலும் கடன்காரன் மீசையை முறுக்குவான், வாங்கியவள் அழுவாள், ஆசிரியர் நடுவில் வந்து இரண்டு பக்கம் வருத்தப்படுவார். ஃப்ளோபேர் செய்தது வேறு. எம்மாவின் ஆசையும் அவள் கடனும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்பதை அவர் கண்டுபிடித்தார். புருஷன் போதவில்லை, ரொடோல்ஃபில் புதுப்பிக்கிறாள். ரொடோல்ஃப் கைவிட்டுப் போகிறான், கொஞ்ச நாள் பக்தியில் புதுப்பிக்கிறாள், அப்புறம் லெயோனில். ஒவ்வொரு முறையும் பழைய பாக்கியை அடைக்கப் புதுசு, புதுசின் விலை இன்னும் அதிகம். அவள் கான்வென்ட்டில் படித்த காதல் கதைகள் எந்தச் சந்தோஷத்தை வாக்குக் கொடுத்தனவோ, அதைத்தான் லூரோ கஜக்கணக்கில் கொண்டுவந்து விரிக்கிறான். லெயோனோடு தங்கும் ஓட்டல் செலவில் அவன் பங்கு போதாதபோது மீதியை இவள் போடுகிறாள். ஒரு நாள் பையிலிருந்து தங்கமுலாம் பூசிய ஆறு சின்ன வெள்ளிக் கரண்டிகளை எடுத்து, இதை அடகுக் கடையில் வைத்துவிட்டு வா என்று அவனை அனுப்புகிறாள். அவை கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த சீர். அந்த இடத்தில் ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொள்வதில்லை. அடைப்புக்குறிக்குள் 'அப்பா கொடுத்த கல்யாணப் பரிசு' என்று மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

'நடை' என்ற வார்த்தை வேண்டாம் என்றீர்கள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதுவும் அந்தப் புத்தகத்தைக் கோர்ட்டுக்கே இழுத்துக்கொண்டு போன விஷயம். ரொடோல்ஃபோடு முதல் முறை இருந்துவிட்டு வந்து எம்மா கண்ணாடி பார்க்கும் இடம் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு காதலன் இருக்கிறான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறாள். அடுத்து ஒரு வாக்கியம், கிட்டத்தட்ட இப்படி: ஆக, இனி வரவே வராது என்று அவள் கைவிட்டிருந்த அந்த இன்பங்கள், அந்தக் காய்ச்சல், கடைசியில் அவளுக்கும் கிடைக்கப்போகின்றன! இதில் 'என்று நினைத்தாள்' கிடையாது. 'அவள்' என்றுதான் இருக்கிறது, ஆகவே சொல்பவர் ஆசிரியர். ஆனால் பரவசம் ஆசிரியருடையது இல்லை, எம்மாவுடையது. குழாயடியில் யாராவது ஒருத்தி பக்கத்து வீட்டுக் கதை சொல்லும்போது கவனித்திருப்பீர்கள்: "அவளுக்கு இன்னா, ராசாத்தி மாதிரி வாழப்போறா, இனிமே ஒரு கவலயும் இல்ல!" இது சொல்கிறவளின் கருத்தா, அந்தப் பெண்ணின் கனவா, கிண்டலா? மூன்றும்தான். குழாயடியில் குரலையும் முகத்தையும் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அச்சில் குரலும் இல்லை, முகமும் இல்லை.

நாவல் 1856 கடைசியில் 'ரெவ்யூ த பாரி' என்ற பத்திரிகையில் தொடராக வந்தது. 1857 ஜனவரியில் ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் எதிரானது என்று வழக்கு. அரசு வழக்கறிஞர் பினார் இந்தக் கண்ணாடிக் காட்சியைத் தனியாகவே எடுத்து வாசித்தார். அவர் பார்வையில் அவள் தவறியதைவிட ஆபத்தானது, தவறியதை இப்படிப் போற்றி எழுதியது. ஆசிரியர்தான் போற்றுகிறார் என்று அவர் படித்துவிட்டார். 'இது தப்பு' என்று சொல்ல நாவலுக்குள் ஒருவர்கூட இல்லையே என்பதும் அவருக்குக் குறையாக இருந்தது. அந்தக் குறை நிஜம்தான், அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பிப்ரவரி 7-ஆம் தேதி விடுதலைத் தீர்ப்பு வந்தது, ஏப்ரலில் புத்தகமாக வந்தது. பினாரை முட்டாள் என்று சிரித்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அப்படி எழுதிய பக்கங்களை அதுவரை அதிகம் பேர் இவ்வளவு தொடர்ச்சியாகப் படித்ததில்லை, ஒரு கதாபாத்திரத்தின் நினைப்பை ஆசிரியரின் வாக்கியத்திலேயே ஓடவிட்டால் யாரைக் குற்றம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இன்றைக்கு நாம் படிக்கிற எந்த நாவலிலும், தமிழிலும்தான், பாத்திரத்தின் மனசு மேற்கோள் குறி இல்லாமல் வாக்கியத்துக்குள் நுழைந்து வெளியேறுவதை நாம் கவனிப்பதுகூட இல்லை. எனக்கு முன்னால் யாரும் செய்யவில்லை என்று ஃப்ளோபேர் சொல்ல முடியாது, ஜேன் ஆஸ்டினிடமே இது உண்டு. ஆனால் அவர் ஒரு முழு நாவலையே இதன் மேல் கட்டினார்.

இதையும் கடன் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். லூரோ சொல்வதில் பெரும்பகுதி நமக்கு எம்மாவின் காது வழியாகத்தான் வருகிறது. அதனால்தான் நீங்களும் நானும் முதல் வாசிப்பில் அவனைத் தாண்டிப் போனோம். அவளுக்கு அவன் முக்கியமில்லை, ஆகவே நமக்கும் முக்கியமில்லை. கோர்ட் காகிதம் வீட்டுக்கு வரும்போது அவளுக்கு எவ்வளவு திடீரென்று இருந்ததோ நமக்கும் அவ்வளவு திடீர். 24 மணி நேரத்துக்குள் 8000 ஃபிராங்க் கட்டு, இல்லாவிட்டால் ஜப்தி. எப்படி 8000 ஆயிற்று? பின்னால் புரட்டிப் பார்த்தால் அந்தக் கணக்கு அங்கேயே, நம் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது.

அப்புறம் அவள் இரண்டே நாளில் ரூவானிலும் ஊர் முழுக்கவும் பணம் கேட்டு ஓடுவது. லெயோன் நழுவுகிறான். நோட்டரி தரத் தயார், வேறு விலைக்கு. கடைசியாக ரொடோல்ஃப் வீட்டுக்கே போய் 3000 கேட்கிறாள். என்னிடம் இல்லை என்கிறான். உண்மையிலேயே அவனிடம் அப்போது இல்லை என்று ஃப்ளோபேர் ஒரு வரி சேர்க்கிறார், அவனைக்கூட வில்லனாக்கிவிட்டுத் தப்பிக்க நமக்கு விடுவதில்லை. அவள் அங்கிருந்து நேரே மருந்துக் கடைக்காரர் ஓமே வீட்டுக்குப் போய் ஆர்சனிக்கை அள்ளிப் போட்டுக்கொள்கிறாள். காதலுக்காகச் செத்தாள் என்று நீங்கள் எழுதவில்லை, அது சரி, பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அன்றைக்குக் காலையில் யாராவது 3000 ஃபிராங்க் கொடுத்திருந்தால் அவள் அடுத்த வியாழக்கிழமையும் ரூவானுக்கு வண்டி ஏறியிருப்பாள். விஷம் உள்ளே போனதும் அவள் வாயில் முதலில் தெரிவது மையின் கசப்பு. கதைப் புத்தகத்து மையா, கையெழுத்துப் போட்ட மையா என்று நான் யோசித்துக்கொண்டே இருப்பேன்.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் நாவல் இழுக்கத்தான் செய்கிறது. ஓமே பேசும்போதெல்லாம் எனக்கே இரண்டு பக்கம் தாண்டத் தோன்றும், அந்த ஆளைக் கிண்டல் செய்வதில் ஃப்ளோபேருக்கு அளவு தெரியவில்லை. எம்மாவை நேசிப்பதும் கஷ்டம், பெற்ற பெண்ணையே முழங்கையால் தள்ளிவிடுகிறவள். மொழிபெயர்ப்பில் இன்னொரு பெரிய நஷ்டம்: பிரெஞ்சில் 'வழக்கமாகச் செய்துகொண்டிருந்தாள்' என்கிற இறந்தகால வடிவம் ஒன்று இருக்கிறது, பக்கம் பக்கமாக அதில்தான் அந்தச் சலிப்பு எழுதப்பட்டிருக்கிறது. 'செய்தாள், போனாள்' என்று மாற்றிவிட்டால் ஒரே நாளில் நடந்த மாதிரி ஆகிவிடும், சலிப்பு போய் வெறும் மந்தம் மிஞ்சும். நீங்கள் ஒரு தடவை விட்டுவிட்டு எழுந்து போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மறுபடி எடுத்தால் முதலிலிருந்து வேண்டாம். இரண்டாம் பாகம் ஐந்தாம் அத்தியாயத்தில் துணி மூட்டை அவிழும் இடத்தில் ஆரம்பியுங்கள், கையில் பென்சிலோடு, தொகை வருகிற இடமெல்லாம் கோடு போட்டுக்கொண்டு. எட்டாம் அத்தியாயத்தில் விவசாயக் கண்காட்சி வரும். மேலே மாடியில் ரொடோல்ஃப் எம்மாவிடம் காதல் வசனம் பேச, கீழே மேடையில் எருவுக்கு இத்தனை, பன்றிக்கு இத்தனை என்று பரிசு அறிவிப்பு, இரண்டும் ஒரு வரி விட்டு ஒரு வரி வெட்டி வெட்டி வரும். எல்லோரும் அந்தக் கிண்டலைத்தான் மெச்சுவார்கள். நீங்கள் அதற்கப்புறம் மேடைக்கு வருகிற கிழவியைப் பாருங்கள். கத்ரீன் லெரூ, ஒரே பண்ணையில் 54 வருஷம் வேலை பார்த்ததற்கு 25 ஃபிராங்க் பெறுமான வெள்ளிப் பதக்கம். பதக்கத்தை வாங்கி, எங்கள் ஊர்ப் பாதிரியாருக்குக் கொடுத்துப் பூசை வைக்கச் சொல்வேன் என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விடுகிறாள். அந்த 25-க்கும் கோடு போடுங்கள். நாலு அத்தியாயம் தள்ளி 270 வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எங்கள் பெரியம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. தவணைப் புடவையும் தண்டலும் அவர் வாழ்க்கையில் முப்பது வருஷம். ஒரு மழை நாள் கரண்ட் இல்லாதபோது இந்தக் கதையை அவருக்குச் சொன்னேன், பெயர்களை எல்லாம் விட்டுவிட்டு. காதல் பகுதிக்கு "ம்" கொட்டினார். சாட்டை விஷயம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஐயோ, வாய வுட்டாளே" என்றார். 1800 என்றதும் சிரித்தார். செத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் புருஷனும் போய், சாமான் எல்லாம் விற்றுக் கடன் கழித்து மிஞ்சியது 12 ஃபிராங்க் 75 சென்டிம், அது அந்தக் குழந்தை பாட்டி வீட்டுக்குப் போகிற வண்டிச் செலவுக்குச் சரியாக இருந்தது, பாட்டியும் செத்து இப்போது பஞ்சாலையில் வேலை செய்கிறது என்றேன். பெரியப்பா பின்னி மில்லில் இருந்தவர், அதனால் பஞ்சாலை என்றதும் பெரியம்மா எத்தனை வயசு என்று கேட்டார். சின்னக் குழந்தை என்றேன்.

"அந்தத் துணிக்காரன் இன்னா ஆனான்?"

ஊருக்கு ஓடுகிற பழைய வண்டிக்குப் போட்டியாகப் புது வண்டி சர்வீஸ் ஆரம்பித்துவிட்டான், நன்றாக ஓடுகிறது என்றேன்.

"ஓடும்" என்று சொல்லிவிட்டு மெழுகுவத்தி தேட எழுந்து போனார்.